வெளியே திறக்கும் கேமரா வீட்டு வைஃபையில் திறக்கவில்லை: அறிகுறி பார்த்து லூப்பேக்கைச் சரிசெய்வது எப்படி

வெளியில் இருக்கும்போது கேமராவின் பெயரை அடித்தால் வாசல் தெரிகிறது. வீட்டுக்குள் வந்து வைஃபையில் இணைந்ததும் அதே பெயர் திறக்க மறுக்கிறது. தெரிந்தவர்கள் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கேமராவை ஏற்கெனவே இரண்டு முறை ரீசெட் செய்து முடித்திருப்பார்கள். கேமராவில் கோளாறே இருக்காது. வீட்டுக்குள்ளிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்ப வேண்டிய இணைப்பை ரவுட்டர் பாதியில் விட்டிருக்கும். அதைத் திருப்பி உள்ளே அனுப்பும் வசதிக்குத்தான் லூப்பேக் என்று பெயர்.

கீழே வரும் எல்லா இடத்திலும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். கேமராவின் பொதுப் பெயர் `cam.example.net`. வீட்டின் பொது ஐபி முகவரி 203.0.113.10. ரவுட்டர் 192.168.1.1, கேமரா 192.168.1.50, உங்கள் லேப்டாப் 192.168.1.20. வெளியிலிருந்து 8443 என்ற போர்ட்டுக்கு வருவதை ரவுட்டர் கேமராவின் 443-க்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பச் சொல்லும் விதிக்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் `https://cam.example.net:8443` திறந்து பாருங்கள். பிறகு மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் திறந்து பாருங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டுச் சோதித்தால், வைஃபை தடுமாறும்போது போன் தானாக டேட்டாவுக்குத் தாவி, திறந்ததுபோல் காட்டிவிடும். போனில் விபிஎன் இருந்தால் அதையும் அணையுங்கள். விபிஎன் வழியாகப் போனால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ரவுட்டருக்கு வெளியாள்தான்.

இன்னொன்று: விருந்தினருக்கான வைஃபையில் இணைந்து சோதிக்காதீர்கள். அது வீட்டுக் கருவிகளைத் தொடவிடாமல் பிரித்து வைக்கத்தான் இருக்கிறது. லூப்பேக் சரியாக இருந்தாலும் அங்கிருந்து கேமரா திறக்காமல் போகலாம்.

## அறிகுறி: மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லை

இது லூப்பேக் பிரச்சினை இல்லை. லூப்பேக்கை எத்தனை முறை ஆன் செய்தாலும் தீராது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் வீட்டுக்குள்ளிருந்து `https://192.168.1.50` நேராகத் திறக்கிறதா? திறக்கவில்லை என்றால் கேமராவின் உள்முகவரி மாறியிருக்கும். ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த மின்தடைக்குப் பிறகு இதே வேலை மறுபடி வரும்.

அடுத்து, பெயர் சரியான முகவரியைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள்:

```
nslookup cam.example.net
```

இதில் வரும் எண், "என் ஐபி என்ன" என்று காட்டும் தளத்தில் வரும் எண், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்ற இடத்தில் இருக்கும் எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எண் மட்டும் வேறாக இருந்தால், மாறும் முகவரியைப் பெயரோடு சேர்த்துவைக்கும் டிடிஎன்எஸ் சேவை பழைய முகவரியிலேயே நிற்கிறது.

மூன்றாவது எண் 100.64 முதல் 100.127 வரை உள்ள ஏதோ ஒன்றில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீட்டில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. தனிப் பொது முகவரி தரச்சொல்லி நிறுவனத்தைக் கேளுங்கள். அல்லது வாடகைச் சர்வர் ஒன்றின் வழியாக விபிஎன் அமைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் டேட்டாவில் திறந்து, வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால் இனி வருபவை உங்களுக்கானவை. எப்படித் திறக்காமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். ரவுட்டரில் எந்தப் பாதி விட்டுப்போயிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.

## அறிகுறி: கேமராவுக்குப் பதில் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது

பயப்பட வேண்டாம். வெளியாட்களுக்கும் இந்தப் பக்கம் தெரிகிறதோ என்று பலர் பதறுவார்கள். மொபைல் டேட்டாவில் கேமராதான் திறக்கிறது என்றால் அந்த போர்ட்டில் வெளியே தெரிவது கேமரா மட்டும்தான்.

நடப்பது இது: 203.0.113.10 தன்னுடைய முகவரிதான் என்று ரவுட்டருக்குத் தெரியும். உள்ளேயிருந்து யாரோ அந்த முகவரியைத் தட்டியதும் தானே பதில் சொல்லிவிடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் விதி வெளிப்பக்கத்திலிருந்து வருவதற்கு மட்டுமே வேலை செய்கிறது. உள்ளேயிருந்து வந்ததை அது பார்க்கவே இல்லை.

80 அல்லது 443 என்ற போர்ட்டையே வெளிக்கும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் அதே எண்ணில் உட்கார்ந்திருக்கும். வெளிப் போர்ட்டை 8443 போல வேறொன்றாக மாற்றினால் லாகின் பக்கம் வருவது நிற்கும். ஆனால் கேமரா திறந்துவிடாது. அறிகுறி அடுத்த வகைக்கு மாறும், அவ்வளவுதான். மருந்து இரண்டுக்கும் ஒன்று.

## அறிகுறி: அடித்த உடனே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வருகிறது

காத்திருக்கவே வைக்காமல் மறுத்தால், அந்த முகவரியில் யாரோ இருக்கிறார்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் கதவு இல்லை என்று அர்த்தம். அந்த யாரோ ரவுட்டர்தான். மேலே சொன்ன அதே காரணம்: விதி உள்பக்கத்துக்குப் பொருந்தவில்லை.

மலிவான மருந்தை முதலில் பார்ப்போம். ரவுட்டரின் அமைப்புகளில் `NAT Loopback`, `NAT Reflection`, `Hairpin NAT` என்ற மூன்றில் ஏதாவது ஒரு பெயரைத் தேடுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்திலேயே இருக்கலாம், ஃபயர்வால் பக்கத்திலும் இருக்கலாம். ஆன் செய்த பிறகு, இருக்கும் ஃபார்வர்டிங் விதியைத் திறந்து மறுபடி சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில ரவுட்டர்கள் விதியைச் சேமிக்கும் நேரத்தில்தான் லூப்பேக்குக்கான துணை விதியையும் எழுதும். பழைய விதியை அப்படியே விட்டால் ஆன் செய்தும் மாற்றம் தெரியாது.

ஓப்பன்-டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் இது தானாகவே ஆன் நிலையில் இருக்கும். யாராவது அணைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஃபார்வர்டிங் விதியிலும் `Enable NAT Loopback` என்ற இடத்தில் பாருங்கள். பிஎஃப்சென்ஸில் நேர்மாறு: தொடக்கத்தில் அணைந்திருக்கும். `System > Advanced > Firewall & NAT` போய், ரிஃப்ளெக்‌ஷன் முறையை `Pure NAT` ஆக்கி, அதே பக்கத்தில் `Enable automatic outbound NAT for Reflection` என்பதையும் டிக் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது டிக்கை விட்டுவிட்டு வருபவர்கள்தான் அடுத்த அறிகுறியில் மாட்டுகிறார்கள்.

## அறிகுறி: நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் நேரம் முடிந்துவிடுகிறது

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம்: ரவுட்டர் வாங்கிக் கீழே போட்டுவிடுகிறது. லூப்பேக் அணைந்திருக்கிறது, கூடவே ஃபயர்வால் மறுப்புச் சொல்லாமல் மௌனமாக இருக்கும்படி அமைந்திருக்கிறது. மருந்து முன்பு சொன்னதே.

இரண்டாவது காரணம்: லூப்பேக் பாதிதான் வேலை செய்கிறது. ஒரு வீட்டில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மைக்ரோடிக் ரவுட்டர். ஃபார்வர்டிங் விதி உள்பக்கத்துக்கும் பொருந்தும்படி எழுதியிருந்தார்கள். விதி எத்தனை முறை பொருந்தியது என்ற கணக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறுகிறது, அதாவது ரவுட்டர் கேமராவுக்கு அனுப்புகிறது. ஆனாலும் லேப்டாப்பில் வெறும் சுற்றல். லேப்டாப்பில் நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை வைத்துப் பார்த்தபோது, எண்களைச் சுருக்கினால், வந்தது இதுதான்:

```
192.168.1.20 > 203.0.113.10:8443   SYN
192.168.1.50:443 > 192.168.1.20    SYN, ACK
192.168.1.20 > 192.168.1.50:443    RST
```

லேப்டாப் தட்டியது 203.0.113.10-ஐ. பதில் வந்தது 192.168.1.50-இலிருந்து. "உன்னை நான் கூப்பிடவே இல்லையே" என்று லேப்டாப் மூன்றாவது வரியில் வெட்டிவிடுகிறது. கேமரா மீது தவறு இல்லை. தன்னைத் தட்டியவர் 192.168.1.20 என்று பார்த்தது. அது தன் பக்கத்து வீடு, ரவுட்டரிடம் கேட்காமலே நேராகப் போகலாம். அதனால் நேராகவே பதில் அனுப்பிவிட்டது. வெளியிலிருந்து வரும்போது இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம், வெளி முகவரிக்கு எழுதும் பதில் எப்படியும் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே ரவுட்டர் இரண்டு வேலை செய்ய வேண்டும். சேரும் முகவரியைக் கேமராவாக மாற்றுவது ஒன்று. அனுப்பியவர் முகவரியைத் தன் பெயராக மாற்றிக்கொள்வது இன்னொன்று. அப்போதுதான் கேமரா ரவுட்டருக்குப் பதில் சொல்லும், ரவுட்டர் அதைப் பழைய முகவரி போட்டு லேப்டாப்பிடம் கொடுக்கும். மைக்ரோடிக்கில் இரண்டு விதிகள்:

```
/ip firewall nat
add chain=dstnat dst-address-type=local dst-address=!192.168.1.1 protocol=tcp dst-port=8443 action=dst-nat to-addresses=192.168.1.50 to-ports=443
add chain=srcnat src-address=192.168.1.0/24 dst-address=192.168.1.50 protocol=tcp dst-port=443 action=masquerade
```

முதல் விதியில் `in-interface` என்று வெளிப்பக்கத்தை எழுதிவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை உள்பக்கத்திலிருந்து வருவது பொருந்தாது. பொது முகவரியை எண்ணாகவே எழுதும் வழக்கமும் உண்டு. முகவரி மாறும் இணைப்பில் அது ஒருநாள் உடையும். `dst-address-type=local` என்றால் ரவுட்டருக்கு இப்போது என்ன முகவரியோ அதையே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது விதியில் 8443 போடாமல் 443 போட்டிருப்பதைக் கவனியுங்கள். அந்த விதிக்கு வரும்போது போர்ட் ஏற்கெனவே மாறியிருக்கும். அந்த வீட்டில் விடுபட்டிருந்தது இந்த ஒரு வரிதான். சேர்த்ததும் கேமரா திறந்தது. மற்ற விதிகளுக்கு நடுவில் எங்கு வைக்கிறோம் என்பதும் முக்கியம், முந்தி நிற்கும் வேறொரு விதி இணைப்பைப் பிடித்துக்கொண்டால் இது வேலைக்கே வராது.

மூன்றாவது காரணம்: ரவுட்டருக்குத் தன் பொது முகவரியே தெரியாது. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த மோடம் முன்னால் நிற்கிறது, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டர். மோடமும் முகவரியை மாற்றுகிறது, ரவுட்டரும் மாற்றுகிறது. ரவுட்டரின் `WAN IP` 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் இதுதான் நிலை. 203.0.113.10 தனக்கு உரியது என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் அதன் லூப்பேக் ஆன் ஆகியிருந்தாலும் அந்த இணைப்பை மோடத்திடம் தள்ளிவிடும். மோடம் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. அதில் லூப்பேக் ஆன் செய்யும் இடம் கண்ணில் படுவது அரிது.

இதற்குச் சுத்தமான தீர்வு மோடத்தைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, பொது முகவரியை நேராக ரவுட்டருக்கே வரவைப்பது. பல இடங்களில் அதை நிறுவனத்தின் ஆள்தான் செய்ய முடியும். மாற்றும் முன் இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் மாற்றினால் இணையமே நின்றுவிடும்.

## அறிகுறி: ரவுட்டரில் லூப்பேக் என்ற அமைப்பே கிடைக்கவில்லை

காசு செலவில்லாத வழி, ஆப்பில் ஒரே கேமராவை இரண்டு முறை சேர்ப்பது. "வெளியே" என்று ஒன்று பொதுப் பெயரில், "வீடு" என்று ஒன்று 192.168.1.50-இல். பார்ப்பவர் ஒருவர் இருவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், குறைவில்லை. எல்லோரும் ஒரே பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும், அல்லது பெயருக்கு வாங்கிய சான்றிதழ் எச்சரிக்கையில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றால் அடுத்த வழி தேவை.

வீட்டுக்குள் அந்தப் பெயரைக் கேட்பவருக்கு மட்டும் உள்முகவரியைச் சொல்லும்படி டிஎன்எஸ்ஸை அமைக்கலாம். வெளியில் கேட்டால் 203.0.113.10, உள்ளே கேட்டால் 192.168.1.50. டிஎன்எஸ்மாஸ்க் ஓடும் ரவுட்டரிலோ சிறு கணினியிலோ ஒரு வரி போதும்:

```
address=/cam.example.net/192.168.1.50
```

இதில் ஒரு குழி இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லோரும் விழுவார்கள். டிஎன்எஸ் முகவரியை மட்டும்தான் மாற்றும், போர்ட்டை மாற்றாது. ஆப்பில் 8443 என்று இருக்கிறது, உள்ளே கேமரா 443-இல்தான் கேட்கிறது. இடையில் ரவுட்டர் இல்லாததால் 8443-ஐ 443 ஆக்க ஆள் இல்லை. கேமராவின் நெட்வொர்க் அமைப்பில் அதன் போர்ட்டையே 8443 ஆக்குங்கள், ரவுட்டரின் விதியையும் 8443-லிருந்து 8443-க்கு என்று திருத்துங்கள். பிறகு உள்ளும் வெளியும் ஒரே எண்.

## அறிகுறி: டிஎன்எஸ் மாற்றிய பிறகு ஒரு போனில் மட்டும் திறக்கவில்லை

அந்தப் போன் உங்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டில் `Private DNS` என்ற இடத்தில் வெளிச் சர்வர் ஒன்றின் பெயர் இருந்தால் அது வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போய்க் கேட்கும். பிரவுசர்களிலும் மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அணைத்துவிட்டுப் பாருங்கள். கணினியில் `nslookup cam.example.net` அடித்து, பதில் 192.168.1.50 தானா என்று சரிபாருங்கள். பழைய பதில் ஒட்டிக்கொண்டிருந்தால் விண்டோஸில்:

```
ipconfig /flushdns
```

கேமராவை எல்லாப் போன்களிலும் நம்பித் திறக்க வேண்டும் என்றால் இந்த முறையைவிட உண்மையான லூப்பேக்கைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அது கருவிகளின் விருப்பத்தைச் சார்ந்திருப்பதில்லை.

## அறிகுறி: பக்கம் திறக்கிறது, படம் வரவில்லை

லாகின் வரை ஒரு போர்ட், வீடியோவுக்கு வேறு போர்ட். ஆர்டிஎஸ்பி என்ற முறையில் வீடியோ வந்தால் வழக்கமாக 554. ஒரு போர்ட்டுக்கு மட்டும் லூப்பேக் விதி எழுதியிருந்தால் அடுத்த போர்ட்டுக்கும் எழுத வேண்டும். ஆப்பில் வீடியோவை யூடிபியில் வாங்கும்படி இருந்தால் டிசிபிக்கு மாற்றுங்கள். யூடிபியில் ஆப்பும் கேமராவும் இணையும் நேரத்தில் பேசிவைத்துக்கொள்ளும் எண்களில் படம் வரும், அவற்றுக்கு விதி இருக்காது.

## அறிகுறி: சரியாக இருந்தது, திடீரென வீட்டில் எவருக்கும் திறக்கவில்லை

லூப்பேக் சரியாக வேலை செய்வதன் பக்கவிளைவு இது. உள்ளேயிருந்து பெயரில் வரும் எல்லோரும் கேமராவின் கண்ணுக்கு ஒரே ஆள், அதாவது 192.168.1.1. யாரோ ஒருவர் போனில் பழைய கடவுச்சொல் தங்கி, ஆப் அதையே திரும்பத் திரும்ப அனுப்பினால், தவறான லாகினுக்காகக் கேமரா அந்த முகவரியைப் பூட்டிவிடும். பூட்டப்படுவது வீட்டின் எல்லோரும். அடையாளம்: `https://192.168.1.50` நேராகத் திறக்கும், பெயரில் மட்டும் திறக்காது. கேமராவின் பதிவேட்டில் 192.168.1.1 பூட்டப்பட்டதாக இருக்கும். அந்தப் போனைக் கண்டுபிடித்துக் கடவுச்சொல்லைத் திருத்தாமல் பூட்டை மட்டும் நீக்கினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

## எப்போது ஆளை அழைப்பது

ரவுட்டரில் லூப்பேக் இல்லை, டிஎன்எஸ்ஸையும் மாற்ற வழி இல்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரவுட்டரை மாற்றுவதுதான் மிச்சம். வாங்கும் முன் அதன் கையேட்டில் லூப்பேக் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்குகிற கட்டத்தில் வயர்கார்ட் விபிஎன் வசதியும் உள்ளதாக வாங்கினால், கேமராவின் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்கும் தேவையே போய்விடும். உள்ளும் வெளியும் 192.168.1.50 ஒன்றே போதும். கேமராவுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது என்றால் இந்த வழிதான் சரி, லூப்பேக்குக்கு மெனக்கெட வேண்டாம்.

மோடத்தைப் பிரிட்ஜ் ஆக்கவும், தனிப் பொது முகவரி வாங்கவும் இணையச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். மைக்ரோடிக், பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் ஏற்கெனவே வேறொருவர் எழுதிய நீண்ட விதிப் பட்டியல் இருந்தால் நெட்வொர்க் தெரிந்தவரை வரவழையுங்கள். வருபவரிடம் நான்கு விவரங்களை எழுதிக் கொடுங்கள்: ரவுட்டரின் `WAN IP`, வெளியே தெரியும் ஐபி, வீட்டுக்குள் `nslookup` தந்த பதில், திறக்காதபோது உடனே மறுத்ததா அல்லது சுற்றிக்கொண்டே நின்றதா. கேமராவை ரீசெட் செய்யவேண்டும் என்று அவர் தொடங்கினால், மொபைல் டேட்டாவில் அது திறப்பதை முதலில் காட்டுங்கள்.